பத்தாயிரம் ரூபாய் எதற்கு?

பிளேஸ்டேஷன் 5 'ஸ்லிம்' 2024 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் டிரைவ் உள்ளதன் விலை 54,990 ரூபாய். டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். கேம் ஓடும் வேகத்திலோ படத்தின் தரத்திலோ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்தப் பத்தாயிரம் எதற்கு? வாங்கிய கேமைத் திரும்ப விற்கும் உரிமைக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாக வந்த ஒரு கேமை 5,000 ரூபாய்க்கு டிஸ்க்காக வாங்குகிறீர்கள். ஒரு மாதத்தில் ஆடி முடித்து 3,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான செலவு 2,000 ரூபாய்தான். அதையே ஆன்லைன் ஸ்டோரில் வாங்கினால் முழு 5,000 ரூபாயும் செலவு. ஏனென்றால் அந்த கேம் உங்கள் கணக்கோடு கட்டுண்டது, விற்க முடியாது. ஒரு கேமுக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்றால் நான்காவது கேமிலேயே டிரைவுக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

ஆனால் எல்லோரும் வெளியான அன்றே வாங்குவதில்லை. ஒரு வருடம் பொறுத்து, ஸ்டோரில் தள்ளுபடி வரும்போது அதே கேமை 2,000 ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே கேமை வருடக்கணக்கில் ஆடுகிறவருக்கும் அப்படியே. இவர்களுக்கு டிஜிட்டல் மாடலே லாபம்.

டிஸ்க் கையில் இருந்தால் கேம் என்றென்றைக்கும் நம்முடையது என்று நினைப்பதும் முழுக்கச் சரியல்ல. 2022-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி மட்டுமே, மீதி முழுவதையும் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது. மறுபுறம், ஸ்டோர்களும் நிரந்தரமல்ல. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஸ்டோர் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், புதிதாக எதையும் வாங்க முடியாது. அந்த கன்சோலின் பழைய டிஸ்க்குகளோ இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

வீட்டில் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் இருந்தால் அதையும் யோசியுங்கள். டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-இல் அவற்றில் பெரும்பாலானவை ஓடும். டிஜிட்டல் மாடலில் ஒன்றுகூட ஓடாது.

முடிவெடுக்கத் தயங்குகிறவர்களுக்கு ஸ்லிம் மாடலில் ஒரு வழி இருக்கிறது. இதன் டிஜிட்டல் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். முதல்முறை இணைக்கும்போது மட்டும் இணையம் வேண்டும். 2020-இல் வந்த பழைய டிஜிட்டல் மாடலில் இது முடியாது. ஆகவே செகண்ட் ஹேண்டில் டிஜிட்டல் மாடல் வாங்கப் போனால், அது எந்தத் தலைமுறை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.