ஐ, க்யூ: ஒரு வானொலி நிலையத்தின் ஜோடி எண்கள்

சென்னை எஃப்.எம். ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பாட்டும் பேச்சும் அந்த எண்ணுக்கு இருபுறமும் ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸுக்குள், மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்கிவிடும். ஆனால், ஆன்டெனாவில் விழும் அலையை அப்படியே கணினிக்குள் ஏற்றப் பார்த்தால், அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு, அதாவது நொடிக்கு 20 கோடிக்கும் மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் சரக்கு கொஞ்சம்தான்.

அலையைக் கீழே இறக்கினால் போதும். 101.3 என்ற கீழ் ஓரத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் நிலையம் 0 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும். நொடிக்கு 4 லட்சம் மாதிரிகள் போதும். ஓரத்துக்குப் பதில் நடுப்புள்ளியையே பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால்? உச்சம் 100 கிலோஹெர்ட்ஸ்தான்; 2 லட்சத்தில் முடிந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். இறக்குவதற்கு, அலையை 101.4 மெகாஹெர்ட்ஸ் கோசைன் அலையால் பெருக்கி, வடிகட்டியால் மேல் அதிர்வெண்களை நீக்குவார்கள். 101.45-இல் இருப்பதும் 50 கிலோஹெர்ட்ஸாக இறங்கும், 101.35-இல் இருப்பதும் 50 கிலோஹெர்ட்ஸாகவே இறங்கும். காகிதத்தை நடுவில் மடித்ததுபோல இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

அதனால் அதே அலையை இன்னொரு தடத்தில், கால் சுற்று தள்ளிய சைன் அலையாலும் பெருக்குகிறார்கள். முதல் தடத்துக்கு ஐ, இரண்டாவதற்கு க்யூ என்று பெயர். மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் ஐ தடத்தில் ஒன்றுபோலவே தெரியும். க்யூ தடத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான குறியோடு நிற்கும். இரண்டையும் ஒரே கலப்பெண்ணாக, I + jQ என்று எடுத்துக்கொண்டால், மடிந்தது விரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேகம் பாதியானது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாதிரியும் இரண்டு எண்கள். 2 லட்சம் ஜோடி என்றால் 4 லட்சம் எண்கள்தான். தகவல் எங்கும் குறையவில்லை. ஒவ்வொரு மாற்றியும் பாதி வேகத்தில் ஓடினால் போதும் என்பதே லாபம். ஜோடியின் கோணத்தைக் கணக்கிட்டு, அடுத்தடுத்த கோணங்களின் வித்தியாசத்தை எடுத்தால் எஃப்.எம். ஒலி கிடைத்துவிடும் என்பது கூடுதல் வசதி.

மலிவான ஆர்.டி.எல். யு.எஸ்.பி. ரிசீவர் இருந்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம்:

```
rtl_sdr -f 101400000 -s 250000 out.bin
```

வடிகட்டி செங்குத்தாக வெட்டாது என்பதால் 2 லட்சத்துக்குப் பதில் இரண்டரை லட்சம். கோப்பில் ஒரு பைட் ஐ, அடுத்த பைட் க்யூ என்று மாறி மாறி வரும். நொடிக்கு 5 லட்சம் பைட்.

இரு தடங்களையும் மின்சுற்றிலேயே பிரிக்கும் ரிசீவர்களில் ஒரு தொல்லை உண்டு. ஒரு தடம் மற்றதைவிட 1 சதவீதம் வலுவாக இருந்தாலே, நிலையத்தின் மங்கலான பிம்பம் நடுப்புள்ளிக்கு மறுபுறம் முளைக்கும். ரிசீவரின் நடு அதிர்வெண்ணைச் சற்று நகர்த்திப் பாருங்கள்: திரையில் நிஜ நிலையம் நகரும் திசைக்கு எதிர்த் திசையில் நகர்வது பிம்பம்.