பாட்டி வீடு திரும்பும்போது கையில் வரும் தாள்

டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம் இருந்தது. பாட்டி கழிவறையில் வழுக்கி விழுந்தது, எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது, அறுவை செய்து செயற்கைப் பந்து பொருத்தியது, அதன் அளவு, மயக்க மருந்தின் விவரம், ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாம் இரண்டரைப் பக்கத்துக்கு ஒழுங்காக இருந்தன. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மகள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்குக் காலைல அம்மாவ எழுப்பி நிக்க வைக்கலாமா மேடம்?" விடை மூன்றாம் பக்கத்தின் அடியில் டபிள்யூ.பி.ஏ.டி. என்ற நான்கு எழுத்தாக இருந்தது. 'தாங்கும் அளவுக்கு எடை ஊன்றலாம்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

அந்த நான்கு எழுத்து புரியாத வீட்டில் என்ன நடக்கும் என்பது எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். "ஆபரேஷன் ஆன காலு, அசைக்கக் கூடாது" என்று பாட்டியைக் கட்டிலிலேயே வைத்துவிடுவார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். இரண்டு வாரத்தில் முதுகில் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் உறையும், தொடைத் தசை வற்றும். அறுவை செய்ததன் நோக்கமே மறுநாளே எழுந்து நிற்கவைப்பதுதான். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலும் அறுவைக்கு மறுநாளே நோயாளியை நடமாட வைக்கச் சொல்கிறது.

ஆகவே நல்ல சம்மரி அறுவையின் வரலாற்றில் தொடங்குவதில்லை. நாளைக் காலையில் அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் பக்கத்தின் தலையில் சொல்கிறது. அதை வாசிக்கப்போகிறவர்கள் மூன்று பேர்: பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் மகள், தெருக்கோடி கிளினிக்கின் குடும்ப மருத்துவர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அப்படி வருபவருக்கும் முதலில் தேவைப்படுவது இந்தத் தாள்தான்.

இந்தப் பாட்டி ஒரே ஒருவர் அல்லர். எலும்பு வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒருவர்மேல் ஏற்றிய மாதிரி. வயது 78, எடை 48 கிலோ. மார்ச் 1 இரவு விழுந்தார், 3ஆம் தேதி அறுவை, 9ஆம் தேதி வீடு. அவருடைய சம்மரியின் முதல் வரிகள் இப்படி இருந்திருக்க வேண்டும்: "வலது காலில் இன்றிலிருந்தே முழு எடையையும் ஊன்றலாம். வாக்கர் கட்டாயம். நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விழுவதற்கு முன் தனியாகக் கோயில் வரை நடந்துபோய் வந்தவர்." கடைசி வாக்கியம் அவசியமானது. முன்பு எவ்வளவு நடந்தார் என்று தெரிந்தால்தான் எதுவரை மீட்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் இலக்கு வைக்க முடியும்.

அடுத்த வரி, எதைச் செய்யக் கூடாது என்பது. இவருக்குப் பின்பக்கமாகக் கீறிப் பந்தைப் பொருத்தியிருக்கிறார்கள். இடுப்பை அதிகமாக மடக்கினால் பந்து குழியிலிருந்து நழுவும். வெளிநாட்டுப் படிவங்களில் 'இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதீர்' என்று எழுதியிருக்கும். நம் வீட்டில் அதன் பொருள் வேறு: தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, குத்தவைக்கும் கழிவறை கூடாது, தாழ்வான கயிற்றுக் கட்டில் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. உட்காரும் நாற்காலியில் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கமோடு நாற்காலி வாங்க வேண்டுமென்றால் அது டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே தெரிய வேண்டும். எந்த வழியாகக் கீறினார்கள், எந்தத் தேதி வரை இந்தக் கட்டுப்பாடு என்று அறுவை செய்தவர் எழுதாவிட்டால், ஒரு வீட்டில் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள், இன்னொரு வீட்டில் வருடக்கணக்கில் பயந்துகொண்டே இருப்பார்கள். எலும்பைச் சேர்த்து ஆணியோ பிளேட்டோ வைத்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. அதனால்தான் அச்சடித்த பொதுத் தாளைப் பின் அடித்துக் கொடுப்பது போதாது.

இனி மாத்திரை. பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன.

பாட்டியின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள்: டெல்மிசார்டன், அம்லோடிபின், மெட்பார்மின், ஆஸ்பிரின், இரவில் தூங்க அல்பிரசோலம். பாதி தீர்ந்த அட்டைகளும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக ஒரு பை வருகிறது. அதிலும் அம்லோடிபின் இருக்கிறது, ஆனால் வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிறம். புதிய பட்டியலில் டெல்மிசார்டன் இல்லை. அது நிறுத்தப்பட்டதா, எழுத விட்டுப்போனதா என்று எங்கும் சொல்லவில்லை. மகள் என்ன செய்வார்? பழையதையும் கொடுப்பார், புதியதையும் கொடுப்பார். அம்லோடிபின் இரட்டிப்பாகும். டெல்மிசார்டனும் சேரும். மூன்றாம் நாள் காலையில் பாட்டி எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியும். அடுத்த விழுகை அங்கே காத்திருக்கிறது.

இதைத் தடுக்க ஒரே ஒரு பட்டியல் போதாது. எல்லா மருந்துக்கும் அதன் வேதிப்பெயரும் ஒரு வினைச்சொல்லும் ஒரு காரணமும் வேண்டும். அம்லோடிபின்: தொடரவும், வீட்டில் உள்ளதும் இதுவும் ஒன்றே. மெட்பார்மின்: தொடரவும். டெல்மிசார்டன்: நிறுத்தப்பட்டது, படுத்திருக்கையில் 138 இருந்த அழுத்தம் எழுந்து நின்றதும் 112 ஆனது. ஆஸ்பிரின்: நிறுத்தப்பட்டது, மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, உறைவுத் தடுப்பு ஊசி போய்க்கொண்டிருக்கிறது. அல்பிரசோலம்: படிப்படியாகக் குறைக்கவும், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. 'நிறுத்தப்பட்டது' என்ற சொல்லைப் பல சம்மரிகளில் தேடினாலும் காண முடிவதில்லை. ஒரு மாத்திரை பட்டியலில் இல்லாததும், அது நிறுத்தப்பட்டதும் வாசிப்பவருக்கு ஒன்றல்ல.

இந்த வரிகளுக்குள்ளேயே இன்னொரு முக்கியமான செய்தியும் வந்துவிடுகிறது: பாட்டி ஏன் விழுந்தார்? 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதியவர் தரையைக் குறை சொன்னார். இரவில் தூக்க மாத்திரை, இரண்டு அழுத்த மாத்திரை, எழுந்ததும் 26 புள்ளி இறங்கும் அழுத்தம் ஆகியவையும் சேர்ந்துதான் அவரைக் கீழே தள்ளின. நின்றதும் 20 புள்ளி இறங்கினாலே மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய குறையாகக் கொள்கிறார்கள். காரணம் எழுதப்படாவிட்டால், மாதம் கழிந்து அழுத்தம் சற்று ஏறியதும் குடும்ப மருத்துவர் அதே டெல்மிசார்டனை மறுபடி எழுதுவார். அவர்மேல் பிழையில்லை, அவருக்குச் சொல்லப்படவில்லை.

உறைவுத் தடுப்பு ஊசிக்கும் இதே நியாயம்தான். 'எனாக்சாபரின் 40 மில்லிகிராம், தினம் ஒன்று, 28 நாள்' என்று எழுதினால், 28 நாள் எதிலிருந்து என்ற கேள்வி வரும். அறுவையிலிருந்தா, வீடு வந்த நாளிலிருந்தா? தேதியாக எழுதினால் குழப்பமே இல்லை: மார்ச் 4 தொடங்கி, ஆஸ்பத்திரியில் 6 ஊசி போட்டாயிற்று, வீட்டில் 22 ஊசி, கடைசி ஊசி மார்ச் 31. யார் போடுவது, மகளுக்குக் கற்றுக்கொடுத்தாயிற்றா, பக்கத்துச் செவிலியரா என்பதும் ஒரு வரி. மார்ச் 17 தையல் பிரிப்பு என்பதும் இதே போலத் தேதியோடு இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. பாட்டியின் கிரியேட்டினின் 0.9. லேப் தாளில் அது இயல்பு என்றே அச்சாகியிருக்கும். ஆனால் 78 வயது, 48 கிலோ, பெண் என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 39 மில்லிலிட்டர்தான் வடிகட்டுகிறது. தசை குறைந்த முதியவர் உடலில் கிரியேட்டினினே குறைவாகத்தான் உருவாகிறது, அதனால் எண் ஏமாற்றுகிறது. சம்மரியில் அந்த 39 இருந்தால், கால் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடக் கூடாது என்பதற்குக் காரணமும் கூடவே இருக்கும். வலிக்குப் பாரசிட்டமால் 650, நாளைக்கு மூன்று முறை என்று நேரத்தோடு எழுதிவிட்டால் அந்தக் கடைக்குப் போக வேண்டியும் வராது.

அறுவை முடிந்த இரண்டாம் இரவு பாட்டி குழம்பிப்போனார். குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கினார், இறந்துபோன கணவரைக் கூப்பிட்டார். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார் என்பதால் அது சம்மரியில் இடம்பெறவில்லை. ஆனால் வீட்டில் அது திரும்பி வரலாம். வந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும், தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது என்று இரண்டு வரி இருந்தால், "வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று குடும்பம் கைவிடாது.

எலும்பைப் பற்றிய வரிதான் மிக அதிகமாக விடுபடுகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிகிறதென்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று பொருள். 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இடுப்பு அறுவை முடிந்து 90 நாளுக்குள் 2,127 பேரில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கொரு முறை சோலெட்ரானிக் அமிலம் என்ற ஊசியும், மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, மரணமும் குறைந்தது. பாட்டியின் சிறுநீரக எண் 39, இந்த ஊசிக்கான கீழ் எல்லையான 35க்குச் சற்று மேலே. வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். அந்த வைட்டமின் பரிசோதனைக்கு மார்ச் 6 அன்று ரத்தம் எடுத்தார்கள், வீடு திரும்பும்வரை முடிவு வரவில்லை. 'முடிவு வரவில்லை' என்பதோடு, வந்தால் யார் பார்ப்பது, யார் பாட்டியின் வீட்டுக்குப் போன் செய்வது என்றும் எழுதியிருந்தால்தான் அந்தப் பரிசோதனைக்குப் பயன்.

எப்போது உடனே வர வேண்டும் என்பது தமிழில், பெரிய எழுத்தில், தனிக் கட்டத்தில் இருக்கட்டும்: ஒரு கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், தையலில் நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் வந்தால், கால் சட்டென்று குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்ற முடியாமல் போனால். கீழே இரவிலும் எடுக்கும் ஒரு போன் எண்.

அறுவையின் விவரங்கள், பொருத்திய பந்தின் வகை, லேப் எண்கள் எல்லாம் இதற்குப் பின்னால் வரலாம். அவையும் வேண்டும், அடுத்த மருத்துவருக்கு அவை தேவைப்படும். விட்டுப்போன ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன.

வீட்டில் யாருக்காவது இப்படி அறுவை நடந்திருந்தால், டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் அந்தப் பிஸ்கட் டப்பாவை அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். வார்டு நர்ஸ் முன்னால் ஒவ்வோர் அட்டையாக எடுத்து வைத்து, இது உண்டா, இல்லையா, ஏன், எதுவரை என்று கேட்டுச் சம்மரியில் எழுதி வாங்குங்கள். இல்லை என்று சொன்ன அட்டைகளை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள்.