அப்பா பெயர் இல்லாத பிறப்புப் பத்திரம்: பதிவிலாகாவிலும் பள்ளியிலும்

கூலாயில் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். செனாயில் தொழிற்சாலை வேலை. கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் திரும்பவில்லை. இப்போது கையில் பத்து நாள் குழந்தை. "அவன் வரட்டும்மா, பேரைப் போட்டே எடுத்துக்கலாம்" என்கிறார் பாட்டி. தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆபத்தான யோசனை.

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதிவு செய்தால் அது சாதாரணப் பதிவு. அதைத் தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் ஆவணங்கள், விசாரணை, மாதக்கணக்கில் காத்திருப்பு என்று அது வேறு பாதைக்குப் போய்விடும். அப்பாவுக்காகக் காத்திருந்து இந்த 60 நாட்களை இழப்பதுதான் இத்தகைய வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

பதிவிலாகாவின் கவுண்டரில் முதல் கேள்வியே திருமணச் சான்றிதழ். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். எத்தனை பேர் சாட்சி என்றாலும், கோயில் சடங்கின் புகைப்பட ஆல்பம் அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. எனவே இந்தக் குழந்தை திருமணத்திற்கு வெளியே பிறந்ததாகவே பதிவாகும்.

அந்நிலையில் 1957ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு வருகிறது. அம்மா சொன்னார் என்பதற்காக மட்டும் அதிகாரி அப்பா பெயரை எழுத முடியாது. தாம்தான் தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் தாயும் சேர்ந்து கேட்க வேண்டும்; அவரும் கையெழுத்திட வேண்டும். அவர் அங்கே இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் "மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி", அதாவது தகவல் கிடைக்கவில்லை என்று வரும். பார்க்க வலிக்கும் வரிதான். ஆனாலும் அது முழுமையான, செல்லத்தக்க பத்திரம். பின்னாளில் அவர் மனம் மாறி வந்தால் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

பெயர் விஷயத்தில் நம் வீடுகளில் குழப்பம் அதிகம். "ஏ/எல்", "ஏ/பி" போட அப்பா பெயர் வேண்டுமே என்று மாமா பெயரையோ தாத்தா பெயரையோ அப்பா கட்டத்தில் எழுதச் சொல்கிறார்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பிறகு திருத்துவதும் பெரும்பாடு. அதே சட்டத்தின் 13ஏ பிரிவு, தாய் தாமே தகவல் தந்து விரும்பினால் தம் குடும்பப் பெயரைக் குழந்தைக்குத் தர இடம் கொடுக்கிறது. அதைக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

குடியுரிமை போய்விடுமோ என்ற பயம் இந்தத் தாய்க்குத் தேவையில்லை. திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அரசமைப்புச் சட்டம் தந்தையின் இடத்தில் தாயைத்தான் பார்க்கிறது. தாய் மலேசியர், பிறந்த இடம் மலேசியா, அது போதும். சிக்கல் இதன் மறுபக்கத்தில்: தாய் வெளிநாட்டவர், அப்பா மலேசியர், பதிவுத் திருமணம் இல்லை. அங்கே அப்பா வந்து 13ஆவது பிரிவில் கையெழுத்திட்டாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. பத்திரம் கைக்கு வந்ததும் குடியுரிமை நிலை என்ற வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஏழு வயதில் முதலாம் ஆண்டு. பதிவுப் பாரத்தில் அப்பா பெயர் கேட்பார்கள். பத்திரத்தில் இருப்பதையே எழுதுங்கள், இல்லாததைச் சேர்க்காதீர்கள். மாமாவைப் பாதுகாவலர் என்று காட்டலாம், அப்பா என்று காட்டக் கூடாது. பிள்ளை 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது அதிகாரி பார்ப்பது பிறப்புப் பத்திரத்தை. பள்ளிப் பதிவில் வேறு பெயர் இருந்தால் அங்கிருந்து எஸ்பிஎம் வரை ஒவ்வொரு தாளிலும் விளக்கம் சொல்லும் நிலை வரும்.

காகிதம் சரியாக இருந்தும் வகுப்பறையில் பிள்ளை தடுமாறுவதுண்டு. "நாளைக்கு அப்பா ஐசி நகல் கொண்டு வா" என்று எல்லார் முன்னிலும் சொல்வது, குடும்ப மரம் வரையச் சொல்லி அப்பா கட்டத்தை நிரப்பாததற்குத் திட்டுவது, பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது "உனக்கு மட்டும் ஏன் ஏ/எல் இல்லை?" என்று கேட்பது. ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தெரியாமல் செய்வதுதான் பெரும்பாலும். அதனால் பள்ளி திறக்கும் முன்பே, பிள்ளை இல்லாமல், பத்திரத்தோடு தலைமையாசிரியரைத் தனியாகப் பார்ப்பது நல்லது. "சார், அப்பா விவரம் எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்க, பிள்ளையைக் கேக்காதீங்க" என்ற ஒரு கோரிக்கை போதும். வகுப்பாசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும்போது மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.