இலக்கிய மீளாய்வில் ஒருங்கிணைப்பு

இலக்கிய மீளாய்வு என்பது ஓர் ஆய்வுக் கேள்வி குறித்து முன்பு வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதை எழுதும் பகுதியாகும். பல ஆய்வேடுகளில் இது ஆய்வுக்கு ஒரு பத்தி என்ற கணக்கில் சுருக்கங்களின் வரிசையாக நின்றுவிடுகிறது. ஆய்வுகளை ஒன்றோடொன்று பொருத்தி, அவை ஒத்துப்போகும் இடத்தையும் முரண்படும் இடத்தையும் காரணத்தோடு விளக்குவதே ஒருங்கிணைப்பு ஆகும்.

சுருக்க வரிசையை அடையாளம் காணுதல்

பத்திகளை இடம் மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. வரிசையை மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால் அது வெறும் பட்டியல். ஒவ்வொரு பத்தியும் ஆய்வாளர் பெயரிலோ ஆண்டிலோ தொடங்குவது மற்றோர் அடையாளம்.

எடுத்துக்காட்டு: ஹார்மோன் சிகிச்சையும் இதய நோயும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை இதய நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகள் வெவ்வேறு விடை தந்தன. செவிலியர் நல ஆய்வின் 1991 அறிக்கையில், சிகிச்சை பெற்றுவந்தவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. 1998இல் வெளியான ஹெர்ஸ் சோதனையில் மொத்தத்தில் பயன் இல்லை. முதல் ஆண்டில் பாதிப்பு கூடியது. 2002இல் பெண்கள் நல முன்னெடுப்புச் சோதனையில் இதய நோய் 29% கூடியது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, "முடிவுகள் முரண்படுகின்றன, மேலும் ஆய்வு தேவை" என்று முடிப்பது சுருக்க வரிசை. இரண்டுக்கு ஒன்று என்று எண்ணித் தீர்ப்பதும் ஒருங்கிணைப்பு ஆகாது. அந்த எண்ணிக்கை முரண்பாடு ஏன் வந்தது என்பதைக் காட்டுவதில்லை.

ஒப்பீட்டு அட்டவணை

முரண்பாட்டை விளக்கக்கூடிய வேறுபாடுகளை நிரல்களாகவும் ஆய்வுகளை வரிசைகளாகவும் கொண்ட அட்டவணை முதல் படியாகும்.

| ஆய்வு | முறை | பங்கேற்றோர் |
|---|---|---|
| செவிலியர் | உற்றுநோக்கல். சிகிச்சையைப் பெண்களே தேர்ந்தனர் | தொடக்கத்தில் 30 முதல் 55 வயது |
| ஹெர்ஸ் | குலுக்கல் முறை ஒதுக்கீடு | இதய நோய் உள்ளவர்கள். சராசரி வயது 67 |
| பெண்கள் நலம் | குலுக்கல் முறை ஒதுக்கீடு | பெரும்பாலும் நலமானவர்கள். சராசரி வயது 63 |

அட்டவணையை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாகப் படிக்க வேண்டும். அப்போது இரண்டு விளக்கங்கள் தெரிகின்றன. ஒன்று, சிகிச்சையைத் தாமே நாடிய பெண்கள் முன்பே கூடுதல் நலமும் வசதியும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். மற்றொன்று, செவிலியர்கள் மாதவிடாய் நின்ற காலத்தை ஒட்டியே சிகிச்சையைத் தொடங்கினர். சோதனைகளில் சேர்ந்தவர்களில் பலர் பல ஆண்டுகள் கழித்தே தொடங்கினர்.

விளக்கத்தைச் சோதித்தல்

அட்டவணையில் தெரியும் விளக்கம் ஒரு கருதுகோள் மட்டுமே. மருந்தின் வகைதான் காரணம் என்றும் ஒருவர் வாதிடலாம். பெண்கள் நலச் சோதனையின் 2002 முடிவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைப் பற்றியது. செவிலியர்களில் பலர் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்கள். ஆனால் செவிலியர் ஆய்வின் 1996 அறிக்கையில் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களிடமும் இதய நோய் குறைவாகவே இருந்தது. ஆகவே மருந்து வகை மட்டும் முரண்பாட்டை விளக்காது.

தொடங்கிய காலம் என்ற விளக்கத்துக்கு 2007இல் வந்த மறுபகுப்பாய்வு ஓரளவு ஆதரவு தந்தது. பெண்கள் நல முன்னெடுப்பின் இரு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கியோரின் ஆபத்து விகிதம் 0.76, 20 ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியோருக்கு 1.28. எனினும் 0.76 என்பதன் நம்பக இடைவெளி 1ஐ உள்ளடக்கியது. எனவே இளம் வயதினருக்கு இதயப் பாதுகாப்பு உறுதி என்று இதிலிருந்து எழுத முடியாது.

எழுதும் முறை

இவ்வாறு கிடைத்த முடிவே பத்தியின் முதல் வாக்கியமாகிறது. ஆய்வுகள் அதற்குச் சான்றாகப் பின்வருகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அந்த வாக்கியம் இப்படி அமையலாம்: "ஹார்மோன் சிகிச்சை குறித்த முரண்பட்ட முடிவுகளுக்கு, சிகிச்சை பெற்றவர்கள் தேர்வான விதமும் அவர்கள் அதைத் தொடங்கிய காலமும் பெருமளவு காரணமாகலாம், மருந்து வகை மட்டும் காரணமாகாது."

அடுத்த ஆய்வு எதை அளக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் உள்ள பெண்களையும், நெடுங்காலம் கழிந்தவர்களையும் தனித்தனியே பிரித்து, குலுக்கல் முறையில் சோதிப்பதே 2007இல் எஞ்சியிருந்த இடைவெளி. "மேலும் ஆய்வு தேவை" என்ற பொது வாக்கியத்தின் இடத்தை இது நிரப்புகிறது.