கார் வாங்கும்போது குதிரைத்திறனா, டார்க்கா?

கார் வாங்கப் போகும் வணிகர்கள் நிறுவனம் தரும் விளம்பர ஏட்டில் விலையையும் மைலேஜையும் தவறாமல் பார்க்கிறோம். பவர், டார்க் என்று போட்டிருக்கும் இரண்டு வரிகளைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். கடைக்கும் மார்க்கெட்டுக்கும் அன்றாடம் ஓடும் வண்டிக்கு அந்த இரண்டு வரிகளே முக்கியம்.

நம் குடோன் கணக்கிலேயே பார்ப்போம். சுமை தூக்கும் ஒருவர் ஒரே தூக்கில் எவ்வளவு எடை தூக்குகிறார் என்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை மூட்டை இறக்குகிறார் என்பது வேறு. முன்னது டார்க், அதாவது முறுக்கு விசை. பின்னது குதிரைத்திறன். 75 கிலோ மூட்டையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலையே ஒரு குதிரைத்திறன். டார்க்கை நியூட்டன் மீட்டர் கணக்கில் போடுவார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ கல்லைத் தொங்கவிட்டால், மறுமுனையில் விழும் முறுக்கு சுமார் 98 நியூட்டன் மீட்டர்.

இரண்டுக்கும் உள்ள உறவு எளிது. டார்க்கை என்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் கிடைக்கும் குதிரைத்திறன் வந்துவிடும். ஆகவே ஏட்டில் பெரிய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதன் அருகில் எத்தனை சுற்றில் என்று போட்டிருப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2018ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். ஒரே காரில் இரண்டு என்ஜின்கள் கிடைத்தன. பெட்ரோல் வண்டிக்கு 6000 சுற்றில் 83 குதிரைத்திறன், 4200 சுற்றில் 113 நியூட்டன் மீட்டர். டீசல் வண்டிக்கு 4000 சுற்றில் 75 குதிரைத்திறன், 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். (டீசல் விற்பனை 2020ல் நின்றுவிட்டது. பழைய வண்டிச் சந்தையில்தான் இனி கிடைக்கும்.) ஏட்டின்படி பெட்ரோலுக்கே 8 குதிரைத்திறன் அதிகம். ஆனால் ஊருக்குள் யாரும் 6000 சுற்றில் ஓட்டுவதில்லை. பெரும்பாலும் 1500க்கும் 2500க்கும் இடையில்தான் ஓட்டுகிறோம். 2000 சுற்றில் கணக்குப் போட்டால் டீசலில் 54 குதிரைத்திறன் வருகிறது. பெட்ரோலில் முழு டார்க்கும் அங்கேயே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 32ஐத் தாண்டாது.

இது வழியில் எப்படித் தெரியும்? நான்கு பேரும் கொஞ்சம் சரக்கும் சேர்த்து வண்டி எடை 1300 கிலோ என்று கொள்வோம். 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, கியர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்து என்ஜின் சுமார் 35 குதிரைத்திறன் தர வேண்டும். 2000 சுற்றில் டீசல் வண்டி கியரை மாற்றாமலேயே ஏறிவிடும். பெட்ரோல் வண்டி வேகம் இழக்கும். கீழ் கியருக்கு மாற்றி 3000 சுற்றுக்குக் கொண்டுபோனால் அதுவும் தடையின்றி ஏறும். ஆக, பெட்ரோல் வண்டியால் முடியாது என்பதில்லை. கிளட்சையும் கியரையும் அடிக்கடி தொட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் மேல் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி உதறும், என்ஜினில் தட்டும் சத்தம் கேட்கும். கியரை இறக்கச் சொல்லும் அறிகுறி அது.

டார்க் அதிகம் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. டீசலிலும், இப்போது வரும் டர்போ பெட்ரோலிலும் டர்போ விசை பிடிக்கக் குறிப்பிட்ட சுற்று வேண்டும். அதற்குக் கீழே வண்டி மந்தமாக இருக்கும். ஆகவே முழு டார்க் எந்தச் சுற்றில் தொடங்குகிறது, எதுவரை நிற்கிறது என்று கேளுங்கள். 2000 முதல் 4000 வரை ஒரே அளவில் நின்றால் ஓட்ட எளிது. நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டிய நேரத்தில் வண்டியை உயர்ந்த சுற்றுக்குக் கொண்டுபோவோம். அங்கே குதிரைத்திறன்தான் கைகொடுக்கும். மாதம் பலமுறை வெளியூர் கொள்முதலுக்குப் போகிறவர்கள் அந்த எண்ணையும் விட்டுவிடக் கூடாது.

ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள். சில ஏடுகளில் பவரைக் கிலோவாட்டில் போட்டிருப்பார்கள். அதை 1.36ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். டார்க்கைக் கிலோகிராம் மீட்டரில் போட்டிருந்தால் 9.8ஆல் பெருக்க வேண்டும்.

கடைசியாக, ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். மூன்று பேரை உடன் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்துக்குப் போங்கள். மூன்றாவது கியரில் மெதுவாக ஏறத் தொடங்கி, பாதியில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். கியர் மாற்றாமல் வேகம் பிடிக்கிறதா என்பதைக் கண்டால், ஏட்டிலுள்ள எண்களின் பொருள் அங்கேயே விளங்கிவிடும்.