அடுத்த அறைக்குப் போனால் பாட்டு ஏன் விக்குகிறது?

கூடத்து மேசையில் கைபேசி, காதில் ப்ளூடூத் இயர்போன். அதே அறையில் பாட்டு தடையின்றி ஓடுகிறது. சமையலறைக்குள் நுழைந்ததும் விட்டு விட்டுக் கேட்கிறது. தூரம் என்னவோ எட்டு மீட்டர்தான்.

பெட்டியில் எழுதியிருக்கும் ‘10 மீட்டர்’ தடையில்லாத வெளிக்கான கணக்கு. இத்தகைய கருவிகள் பல சுமார் 2.5 மில்லிவாட் திறனில்தான் அலை அனுப்புகின்றன. செங்கல் சுவர் அதில் ஒரு பங்கை விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் அதிகம் விழுங்கும். நம் உடம்பும் ஒரு சுவர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடலிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சும். கைபேசி வலது பின்பாக்கெட்டில் இருக்க, இடது காதில் மட்டும் ஒலி அறுபடுவது இதனால்தான். கூட்டம் நிறைந்த ரயில் பெட்டியில் இந்தச் சுவர்கள் பெருகிவிடுகின்றன.

அடுத்த தொல்லை வைஃபை. அதற்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதைதான். இசையை அனுப்பும் ப்ளூடூத் அங்கே 79 சிறு அலைவரிசைகளில் நொடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. நெரிசலானவற்றைக் கண்டறிந்து ஒதுக்குகிறது. ஒரு வைஃபை இணைப்பே இருபதுக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் சேர்ந்தால் தாவ இடம் குறைகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் கைபேசியைச் சமையலறைக்கே கொண்டுவந்து பார்க்கலாம். சிக்கல் தீர்ந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். பக்கத்திலேயே இருந்தும் விக்கினால், வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.