இருபத்தொன்றும் இயல்பே, நாற்பத்தைந்தும் இயல்பே

மாதவிடாய் பற்றிப் பேசப் பள்ளிக்கு வரும் செவிலியர் படம் போட்ட அட்டையை விரித்ததுமே, ஏழாம் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதையே பாட்டாகச் சேர்ந்து சொல்ல வைத்தால் கூச்சம் கொஞ்சம் தளரும். யாரும் தனியாக எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் இப்படி எழுதப்படும் பாட்டுகளில் நிலா வரும், பூ வரும், தாய்மை வரும். அந்த வயசுப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது மட்டும் வராது. அவளுக்கு வேண்டியது கணக்கு. அதனால் நான் இப்படித் தொடங்குவேன்:

பத்தில் வரலாம், பதினாலில் வரலாம்,
பக்கத்துத் தோழிக்கு முன்பும் வரலாம்.
கருப்பை விரித்த மெத்தை ஒன்று
கருவுறாத மாதம் கழன்று வரும்.
வருவது கெட்ட ரத்தம் அல்ல,
வயிற்றுக்குள் காயமும் ஏதும் இல்லை.
எல்லா நாளும் சேர்த்துப் பார்த்தால்
அரை டம்ளர்கூட நிறைவதில்லை.

கடைசி இரண்டு அடிகள் முக்கியம். பேடு முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, உடம்பில் இருக்கிற ரத்தமெல்லாம் போய்விட்டது என்று பயப்படும் பெண்கள் உண்டு. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சேர்த்துப் போகும் ரத்தம் வழக்கமாக 30, 40 மில்லிதான், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லிக்கு மேல் போனால்தான் அதிகம் என்பார்கள். கூடவே வேறு திரவமும் கலந்து வருவதால் பார்வைக்கு நிறையத் தெரிகிறது.

பாட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் 28 என்ற எண். நிலாவோடு இசைவாக இருக்கிறது என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஜூன் 3-ம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஜூலை 12, அதற்கடுத்தது ஆகஸ்ட் 6. ரத்தம் வந்த முதல் நாளிலிருந்து அடுத்த முறை வந்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். முதல் இடைவெளி 39 நாள், இரண்டாவது 25. இருபத்தெட்டு என்று மனப்பாடம் செய்தவள் ஜூலை 12 வரை ‘எனக்கு என்னமோ ஆகிவிட்டது’ என்று தவித்திருப்பாள், யாரிடமும் சொல்லியும் இருக்க மாட்டாள். உண்மையில் வயசுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் பல மாதங்கள் முட்டையே வெளிவருவதில்லை. மூளையும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும் காலம் அது. அதனால் 21 நாளிலிருந்து 45 நாள் வரை எதுவும் இயல்புதான்.

இருபத் தொன்றும் இயல்பே, தோழி,
நாற்பத் தைந்தும் இயல்பே, தோழி;
ஆண்டு இரண்டு மூன்று போகட்டும்,
மெல்ல மெல்லச் சீராகி வரும்.

வலியைப் பற்றிப் பேசும்போது ‘பொறுத்துக்கொள்’ என்ற சொல் பாட்டில் எங்கும் வரக் கூடாது என்பது என் கட்சி. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கிறது. அதுதான் அடிவயிற்றைப் பிசைகிறது. வெந்நீர்ப் பை தசையைத் தளர்த்தும். ஆனால் மாதாமாதம் லீவு போட வைக்கும் வலி என்றால் மருத்துவரிடம் காட்டவேண்டியதுதான்; வலியைக் குறைக்க மாத்திரை இருக்கிறது.

அடிவயிற்றைப் பிசைவது என்ன?
அழுக்கல்ல, நோயல்ல, தசையின் வேலை.
வெந்நீர்ப் பையை வைத்துப் பார்,
விடாத வலிக்கு மருத்துவரைப் பார்.
ஏழு நாளைத் தாண்டிப் போனால்,
மணிக்கொரு பேடு நனைந்து போனால்,
மூன்று மாதம் வராமல் நின்றால்
மூடி வைக்காதே, அம்மாவிடம் சொல்.

இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, அடிகளைச் செவிலியர் விளக்க வேண்டும். மணிக்கொரு பேடு என்றால் ஒருநாள் ஒரு தடவை அவசரமாக மாற்றியது அல்ல. மணிக்கணக்காகத் தொடர்ந்து அப்படியே நனைவது. அதோடு தலைசுற்றல், மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது. பதினைந்து வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். ஆனால் அதைப் பாட்டில் சேர்க்க மாட்டேன். இன்னும் வராத பெண்ணை வகுப்பே திரும்பிப் பார்க்கும். பேச்சு முடிந்தபின் தனியாகச் சொல்லலாம்.

பேடு மாற்றுவதற்கும் ஒரு அடி வேண்டும்: நாலு மணி, ஆறு மணிக்கு ஒருமுறை, நனையாவிட்டாலும். தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தில் கிராமப்புற மாணவிகளுக்கு நாப்கின் இலவசம். ஆனால் வகுப்பு நடுவில் திடீரென்று வந்துவிட்டால் எங்கே போய்க் கேட்பது? இதற்கு எல்லாப் பள்ளிக்கும் பொதுவான வரி எழுத முடியாது. ஆகவே கடைசி அடியை வெற்றிடமாக விட்டு, அந்தந்தப் பள்ளியிலேயே நிரப்பச் சொல்வேன்: எந்த டீச்சர், எந்த அலமாரி, சாவி யாரிடம், பயன்படுத்தியதைப் போடும் மூடி போட்ட தொட்டி எந்தக் கழிவறையில். அந்த வரியைச் சொல்லச் சொல்லும்போது பதில் தெரியாமல் டீச்சர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், முதலில் வாங்க வேண்டியது அந்தத் தொட்டி.